ஓரெழுத்துத் தள்ளி நிற்கும் போலி

இரத்தினபுரியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் Ratnapura என்று எழுதுவார், இன்னொருவர் நடுவில் ஒரு h சேர்த்து Rathnapura என்பார். கடைப் பலகைகளிலும் கடிதத் தலைப்புகளிலும் இரண்டும் உண்டு; யாரும் பிழை சொல்வதில்லை. கேகாலை Kegalle ஆகவும் Kegalla ஆகவும் நடமாடுகிறது. சப்ரகமுவவின் கடைசி அசைக்குச் சிலர் w போடுகிறார்கள், சிலர் v. தபால்காரருக்கு இதனால் எந்தக் குழப்பமும் வராது. இணையத்தில் நிலைமை வேறு. h இருக்கும் பெயரும் h இல்லாத பெயரும் அங்கே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முகவரிகள். ஒன்றைத் தேயிலைக் கொம்பனி ஒன்று வாங்கி வைத்திருந்தால், மற்றதை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஆண்டுக்குச் சில டொலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

தேயிலைத் தொழிலுக்குப் பெயரின் மதிப்பு நன்றாகத் தெரியும். கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் ஏலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலையும் அதன் ‘மார்க்’ பெயரில்தான் விலைக்கு வருகிறது. சப்ரகமுவவின் தாழ்நிலத் தேயிலையை வாங்குபவர் சாயத்தையும் இலையின் முறுக்கையும் பார்த்து விலை சொல்கிறார். அடுத்த முறை அந்த மார்க்கைக் கண்டதும் பழைய நம்பிக்கையோடு வருகிறார். ஏல மண்டபத்தில் போலி மார்க் நுழைவது கடினம், தரகரும் வாங்குநரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆனால் பொதி செய்த தேயிலையை இணையம் வழியாக விற்கும்போதும், வெளிநாட்டு வாங்குநருக்கு மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்பும்போதும், அவர் கண்ணில் படுவது சில எழுத்துகள் மட்டுமே. அந்த எழுத்துகளை முழுவதும் படிக்காமல் உருவத்தைப் பார்த்தே கடந்துபோவது மனிதக் கண்ணின் இயல்பு.

இந்த இயல்பை வைத்துப் பணம் பறிப்பது எப்படி என்பதற்கு இந்தியாவின் அமுல் வழக்கு நல்ல பாடம். குஜராத் பால் கூட்டுறவு இணையத்தின் பெயரான அமுலை வைத்து மோசடிக்காரர்கள் பல டொமைன்களைப் பதிவு செய்தார்கள். அமுல் விற்பனை நிலையம் நடத்த உரிமம் தருகிறோம் என்று அந்தத் தளங்கள் ஆசை காட்டின. விண்ணப்பப் படிவமும் சின்னமும் அசலைப் போலவே இருந்தன. நம்பியவர்கள் பதிவுக் கட்டணம் என்று வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2020இல் கூட்டுறவு இணையம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கின் முதல் எதிராளி ஒரு மனிதரோ நிறுவனமோ அல்ல, amul-franchise.in என்ற டொமைன் பெயர்தான். பின்னால் இருந்தவர் யார் என்று தெரியாததால் பெயரையே கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. டொமைன்களை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இனிமேல் எங்கள் பெயர் அடங்கிய எந்த டொமைனையும் யாருக்கும் விற்கக்கூடாது என்று முன்கூட்டியே ஒரு தடை வாங்கிவிட்டால் என்ன? இதே கேள்வியை ஸ்னாப்டீல் நிறுவனம் அதே நீதிமன்றத்தில் எழுப்பியது. 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பதிவாளர் நிறுவனங்களைக் கடுமையாகக் கண்டித்தாலும், இன்னும் பிறக்காத பெயர்களுக்கு ஒட்டுமொத்தத் தடை போட மறுத்தது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. அதாவது, பெயர் பதிவாகும்போது அதைக் கவனிக்கும் வேலை பெயருக்குச் சொந்தக்காரரிடமே திரும்பி வந்தது.

அந்த வேலை செய்யக்கூடிய வேலைதான். போலி டொமைனை வைத்து முதல் ஆளை ஏமாற்றுவதற்கு முன், மோசடிக்காரர் சில படிகளைத் தாண்டியே ஆக வேண்டும். பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அது எந்தக் கணினியைக் காட்டுகிறது என்று பெயர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பூட்டுக் குறி தெரிவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிப் பதிலையும் பெறுவதற்கு அஞ்சல் வழங்கியைக் குறிக்க வேண்டும். இந்த நான்கும் பொதுவெளியில் தடம் விடுகின்றன. அந்தத் தடங்களைப் பார்க்கப் பெரும்பாலும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

649 பெயர்கள்

எதைத் தேடுவது என்பதுதான் முதல் சிக்கல். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பிரெட் டமரா 1964இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதற்கு வழி காட்டியது. மக்கள் செய்யும் எழுத்துப் பிழைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் நான்கே வகை என்று அவர் கண்டார்: ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்து கூடுவது, ஓர் எழுத்து மாறுவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது. தட்டச்சுப் பிழையைத் திருத்துவதற்காகச் செய்த ஆய்வு அது. இன்று அதே நான்கு வகைகளைத் தலைகீழாக ஓட்டி, ஒரு பெயரிலிருந்து பிறக்கக்கூடிய போலிகளை எல்லாம் முன்கூட்டியே எழுதிவிடலாம்.

ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம்: `ratnapuratea.example`. இறுதியில் வரும் .example பாடங்களுக்கும் விளக்கங்களுக்கும் என்றே ஒதுக்கி வைக்கப்பட்டது, அதில் யாரும் பெயர் வாங்க முடியாது. ratnapuratea என்பதில் 12 எழுத்துகள். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தால் 12 பெயர்கள் கிடைக்கும். பக்கத்து எழுத்துகளை இடம் மாற்றினால் 11. ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் மற்ற 25இல் ஒன்றைப் போட்டால் 300. எங்காவது ஓர் எழுத்தைக் கூடுதலாக நுழைத்தால், ஒரே மாதிரி அமைந்துவிடுபவற்றைக் கழித்த பிறகு, 326. மொத்தம் 649. இதை .com, .net, .lk, .shop போன்ற பத்து இறுதிகளில் பரப்பினால் 6490 ஆகிறது. மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாத பட்டியல். கணினிக்கு இது ஒரு தேநீர் இடைவேளை வேலை.

இந்த வேலைக்கு dnstwist என்ற இலவச மென்பொருள் உண்டு. போலிப் பெயர்களைத் தானே உண்டாக்கி, அவற்றில் எவை உண்மையில் பதிவாகியுள்ளன என்று இணையப் பெயர்ப் பதிவேட்டில் விசாரித்துச் சொல்லும்:

```
dnstwist --registered --mxcheck --format csv ratnapuratea.example
```

கடைசிச் சொல்லின் இடத்தில் தன் பெயரைப் போட்டு, தினமும் காலையில் ஒரு முறை ஓடவிட்டு, நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். முழுப் பட்டியலையும் படிக்கத் தேவையில்லை. நேற்று இல்லாமல் இன்று முளைத்த வரிதான் செய்தி.

பொதுவான கருவிகளுக்கு நம் ஊர்ப் பெயர்களின் போக்கு தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கருவி எல்லா எழுத்தையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. ஒரு பொருந்தாத z நுழைந்த பெயரும் h நுழைந்த பெயரும் அதற்கு ஒன்றே. சப்ரகமுவப் பெயர்களில் நிஜமான ஆபத்து t-th, d-dh, w-v, l-ll, u-oo ஆகிய மாற்றங்களில்தான் இருக்கிறது, ஏனெனில் இவற்றைக் காண்பவர் பிழையென்றே நினைக்கமாட்டார். சில பெயர்களில் இந்த மாற்றம் இரண்டு இடங்களில் சேர்ந்தே வரும். அப்படி வந்தாலோ, u ஒன்று oo ஆனாலோ, அது ‘ஓரெழுத்து’ வலைக்குள் விழாது. ஆகவே கருவி தரும் பட்டியலோடு, அந்தப் பெயரை ஊரில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று கேட்டு எழுதிய ஒரு கைப்பட்டியலும் சேர வேண்டும். அதில் முதல் இரண்டு மூன்றைக் கொம்பனியே வாங்கிப் போட்டுவிடுவது மலிவான காவல். 6490ஐயும் வாங்குவது பைத்தியக்காரத்தனம்.

ஒட்டிக்கொண்டு வரும் சொல்

ஆனால் amul-franchise.in இந்தப் பட்டியலில் எங்குமே வராது. அதில் எழுத்துப் பிழையே இல்லை. அசல் பெயர் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டக்கூடிய சொற்களுக்கு எல்லை கிடையாது: shop, pay, export, careers, lk, 2025. 2017இல் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 268 வியாபாரக் குறிகளை எடுத்துப் பல ஆண்டுகளின் பெயர்ப் பதிவுகளில் தேடியது. சொல் ஒட்டிய போலிகள் 27 இலட்சம் கிடைத்தன. எழுத்துப் பிழைப் போலிகளைவிட அவை நூறு மடங்கு அதிகம் என்று அந்தக் குழு கூறியது.

இவற்றை முன்கூட்டி எழுதிப் பார்க்க முடியாது. எங்காவது புதிதாகப் பதிவாகும் பெயருக்குள் நம் பெயர் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. .com போன்ற பொது இறுதிகளின் முழுப் பெயர்ப் பட்டியலை ஐகான் அமைப்பின் சேவை ஒன்றின் வழியாக, விண்ணப்பித்தவருக்குத் தினமும் இலவசமாகத் தருகிறார்கள். .lk போன்ற நாட்டு இறுதிகள் பொதுவாக இந்தச் சேவையில் இல்லை.

இரண்டாவது இடம் ஒரு விபத்தின் பயனாக வந்தது. 2011இல் டச்சு நாட்டின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். எந்தப் பெயருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார் என்று வெளியிலிருந்து பார்க்க அப்போது வழியே இல்லை. அதன் பிறகு, கொடுக்கப்படும் சான்றிதழ்களை அழிக்க முடியாத பொதுப் பதிவேடுகளில் எழுதும் முறை உருவானது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் இந்தப் பதிவேட்டில் இல்லையென்றால் குரோம் உலாவி அதை ஏற்பதில்லை. எனவே பூட்டுக் குறியோடு ஏமாற்ற விரும்பும் மோசடிக்காரர் தன் பெயரைத் தானே ஊருக்கு அறிவித்தாக வேண்டும். crt.sh என்ற தளத்தில் `%ratnapuratea%` என்று தட்டினால், அந்த எழுத்துத் தொடர் நடுவில் வரும் சான்றிதழ்களைத் தேடித் தரும். கூட்டம் அதிகமான நேரத்தில் இந்தத் தேடல் பாதியில் நின்றுவிடுவதுண்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்ட வேண்டும்.

டொமைன் பட்டியலில் சிக்காத இன்னொரு தந்திரத்தையும் சான்றிதழ்ப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். இலங்கை அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் அண்மை ஆண்டுகளில் வந்த போலிக் குறுஞ்செய்திகளைத் தோட்டங்களிலும் பலர் பார்த்திருப்பார்கள்: பொதி ஒன்று வந்திருக்கிறது, சிறு கட்டணம் பாக்கி, இந்த இணைப்பை அழுத்துங்கள். திணைக்களத்தின் உண்மை முகவரி slpost.gov.lk. இதே எழுத்துகளை முன்னால் வைத்து, பின்னால் ஒரு புள்ளியும் வேறொரு பெயரும் போட்டால், கைபேசியின் சிறு திரையில் முன்பகுதி மட்டுமே தெரியும். டொமைனின் சொந்தக்காரரை அறிய அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், https:// கழித்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள கடைசித் துண்டுகள்தான் வீட்டுக்காரர் பெயர். முன்னால் ஒட்டிய துண்டுகளை அவர் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம், பதிவுக்கட்டணம் கூட இல்லை. அப்படி ஒட்டிய முழுப் பெயருக்குத் தனிச் சான்றிதழ் எடுத்தால் பதிவேட்டில் அகப்படும். எல்லா முன்துண்டுகளுக்கும் பொதுவான ஒரே சான்றிதழை எடுத்துவிட்டால் அகப்படாது. அங்கே இந்த வலையில் ஓட்டை இருக்கிறது.

ஒரே உருவம், வேறு எழுத்து

உருவம் மாறாமல், எழுத்து மட்டும் மாறும் போலிகளும் உண்டு. ரஷ்ய எழுத்தான а, ஆங்கில a போலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எண்கள். 2017இல் சூடோங் செங் என்ற நிரலாளர் முழுக்க ரஷ்ய வகை எழுத்துகளால் ‘ஆப்பிள்’ நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்து காட்டினார். சில உலாவிகளில் அது அசலிலிருந்து பிரித்தறிய முடியாமல் தெரிந்தது. அடியில் இருந்த உண்மைப் பெயர் `xn--80ak6aa92e.com`. குரோம் தன் விதியைத் திருத்திக்கொண்டது. ஆங்கிலமல்லாத எழுத்தில் பதிவாகும் எல்லாப் பெயர்களும் பதிவேட்டில் xn-- என்று தொடங்கும் வடிவத்தில்தான் நிற்கும்.

தமிழும் இதற்கு வெளியே இல்லை. 2010 முதல் .இலங்கை என்ற தமிழ் இறுதி இணையத்தில் இருக்கிறது. பதிவேட்டில் அதன் வடிவம் `xn--xkc2al3hye2a`. தமிழில் பெயர் வைக்கும் நிறுவனம் கவனிக்க வேண்டிய முதல் சந்தேகம் ‘கௌ’. இதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டும் எழுதலாம். கௌரி, கெளரி என்று அச்சில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பலர் தெரியாமலே இரண்டாவது முறையில் தட்டச்சு செய்கிறார்கள். கணினி அவற்றை இரண்டு பெயர்களாகவே எண்ணும். ஆங்கிலப் போலிகளுக்காக எழுதப்பட்ட கருவிகள் இந்த இணையை எடுத்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. கைப்பட்டியலில் சேர்த்துவிடுவதே வழி.

தளமே இல்லாத டொமைன்

போலி டொமைன் என்றதும் போலி இணையத்தளம்தான் நினைவுக்கு வரும். ஏற்றுமதிக் கொம்பனிக்குப் பெரிய நட்டம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அந்த டொமைனில் தளமே இருக்காது. திறந்து பார்த்தால் வெறுமை. ஆனால் அதன் பெயர்ப் பதிவில் MX என்ற வரி இருக்கும். இந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலை இந்தக் கணினி வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும் வரி அது. மேலே உள்ள கட்டளை இந்த வரியைக் காட்டும்; அதிலுள்ள `--mxcheck`, தவறி வரும் அஞ்சலை அந்தக் கணினி உண்மையில் வாங்கிக்கொள்கிறதா என்றும் சோதிக்கிறது.

கற்பனைக் கொம்பனியின் கதையைத் தொடர்வோம். திங்கட்கிழமைப் பட்டியலில் h சேர்ந்த rathnapuratea புதிதாக முளைக்கிறது. டொமைனின் பதிவு விவரத்தைப் பார்த்தால் பிறந்தது முந்தைய நாள். வாங்கியவர் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. 2018இல் ஐரோப்பியத் தரவுச் சட்டம் வந்த பிறகு இது வழக்கமாகிவிட்டது. பதிவாளர் நிறுவனத்தின் பெயரும் முறையிடும் முகவரியும் மட்டும் தெரிகின்றன. தளமும் இல்லை, MX வரியும் இல்லை. இந்த நிலையில் செய்ய வேண்டியது, குறித்துவைத்துத் தினமும் பார்ப்பது மட்டும்தான். இரத்தினபுரியில் தேயிலை விற்கும் இன்னொரு நேர்மையான வியாபாரியாகவும் அவர் இருக்கலாம். எடுத்த எடுப்பில் மிரட்டல் கடிதம் எழுதினால், நேர்மையானவர் பகைவராவார், மோசடிக்காரர் உஷாராவார்.

வெள்ளிக்கிழமை அதே பெயரில் MX வரி தோன்றுகிறது, தளம் இன்னும் இல்லை. இப்போது கணக்குப் பிரிவுக்குச் செய்தி போக வேண்டும். ஏனெனில் அடுத்த காட்சி எப்படி இருக்கும் என்பது பல நாடுகளில் பார்த்துப் பழகியது: வெளிநாட்டு வாங்குநருக்கு, நடந்துகொண்டிருக்கும் கடிதத் தொடரின் நடுவில், அதே கையெழுத்தோடும் அதே விலைப்பட்டியல் எண்ணோடும் ஒரு மின்னஞ்சல் போகும். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று இருக்கும். அனுப்பிய முகவரியில் ஒரு h மட்டும் அதிகம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்புக்கு 2023இல் மட்டும் இந்த வகை வணிக மின்னஞ்சல் மோசடியால் 290 கோடி டொலர் இழந்ததாக முறைப்பாடுகள் வந்தன.

இங்கே ஒரு கேள்வி எழும்: விலைப்பட்டியல் எண் வரை மோசடிக்காரருக்கு எப்படித் தெரிந்தது? பெரும்பாலும், கொம்பனியிலோ வாங்குநரிடத்திலோ யாரோ ஒருவரின் அஞ்சல் பெட்டி ஏற்கனவே அவர் கையில் இருக்கிறது. ஆகவே MX வரியோடு முளைக்கும் போலி டொமைன், வெளியே நிற்கும் ஆபத்தை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஆள் புகுந்திருக்கலாம் என்றும் சொல்கிறது. கடவுச்சொற்களை மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அஞ்சல் பெட்டிகளில் யாருக்கும் தெரியாமல் ‘இந்தக் கடிதங்களை வெளியே அனுப்பு’ என்று விதி ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலி டொமைனிலிருந்து வரும் கடிதங்களைத் தன் வழங்கியில் தடுக்க வேண்டும். நிலுவையில் பணம் உள்ள வாங்குநர்களைத் தொலைபேசியில், பழைய எண்ணில், கூப்பிட்டு, வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் ஒருபோதும் சொல்லமாட்டோம் என்று தெரிவிக்க வேண்டும். இந்த அழைப்புக்குச் செலவே இல்லை. பதிவாளர் நிறுவனம் பதில் சொல்லும் வரை பணத்தைக் காப்பது இதுதான்.

எங்கள் டொமைனுக்கு டிமார்க் பாதுகாப்பு போட்டிருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அந்த முறை, அசல் முகவரியையே எழுதி அனுப்பப்படும் பொய்க் கடிதங்களைத் தடுக்கும், அதற்கு அது அவசியம். ஆனால் h சேர்த்த பெயர் மோசடிக்காரரின் சொந்தப் பெயர். அதற்கு அவரே எல்லாப் பாதுகாப்பும் முறையாகப் போட்டுக்கொள்ளலாம். வாங்குநரின் கணினி அந்தக் கடிதத்தைச் சோதித்து, ‘சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது’ என்றே சொல்லும்.

முறைப்பாடு ஏன் திரும்பி வருகிறது

போலித் தளம் திறந்துவிட்டால் வேலை மணிக்கணக்கில் நடக்க வேண்டும். 2024 ஏப்ரல் 5 முதல் ஐகானின் ஒப்பந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. .com போன்ற இறுதிகளில் தூண்டில் மோசடி நடப்பதற்குச் செயற்படத்தக்க ஆதாரம் கிடைத்தால், பதிவாளர் நிறுவனம் அதைத் தடுக்கும் நடவடிக்கையை உடனே எடுத்தாக வேண்டும். சொல்லின் எடை ‘ஆதாரம்’ என்பதில் இருக்கிறது. ‘எங்கள் பெயரைத் திருடிவிட்டார்கள்’ என்ற வரி ஆதாரம் ஆகாது; அது வியாபாரக் குறிப் பிணக்கு என்று ஒதுக்கி வைக்கப்படும். முழு முகவரி, நேரமும் தேதியும் தெரியும் திரைப்பிடிப்பு, அந்தப் பக்கம் அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கும் இடம், மின்னஞ்சல் என்றால் அதன் முழுத் தலைப்பு வரிகள், பக்கத்திலேயே அசல் தளத்தின் முகவரி. இவ்வளவும் ஒரே கடிதத்தில் போக வேண்டும். அதே பொதியைத் தளத்தை வைத்திருக்கும் வழங்கி நிறுவனத்துக்கும், உலாவிகளில் சிவப்பு எச்சரிக்கை காட்டும் கூகுளின் பட்டியலுக்கும், இலங்கைக் கணினி அவசர பதிலளிப்பு அணிக்கும் அனுப்பலாம். சிவப்பு எச்சரிக்கை பல நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும்.

ஆதாரம் சரியாக இருந்தும் ‘அங்கே ஒன்றுமில்லையே’ என்று பதில் வருவதுண்டு. காரணம், அந்தப் பக்கம் ஆள் பார்த்துத்தான் திறக்கிறது. இலங்கைக் கைபேசி இணைப்பிலிருந்து வருபவருக்கு மட்டும் போலிப் பக்கத்தைக் காட்டி, வெளிநாட்டு அலுவலகக் கணினியில் பார்ப்பவருக்கு வெற்றுப் பக்கத்தைக் காட்டும்படி மோசடிக்காரர்கள் அமைக்கிறார்கள். எனவே எந்த நாட்டு, எந்த வகை இணைப்பில், எந்தக் கருவியில் பார்த்தபோது தெரிந்தது என்பதை முறைப்பாட்டின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

.lk என்று முடியும் பெயருக்கு வழி வேறு, அது எல்.கே. டொமைன் பதிவகத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பதிவகத்தோடு தொடர்புடைய இன்னொரு சம்பவம் மலையக வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2021 பெப்ரவரி 6 அன்று google.lk உள்ளிட்ட சில .lk முகவரிகளுக்குப் போனவர்கள், தேயிலைத் தொழிலின் பிரச்சினைகளையும் ஊடகச் சுதந்திரத்தையும் பேசிய வேறொரு பக்கத்தில் போய் விழுந்தார்கள். அது போலிப் பெயர் அல்ல, அசல் பெயரின் வழிகாட்டியையே மாற்றிய வேலை. இதுவரை சொன்ன எந்த வலையிலும் அப்படிப்பட்டது விழாது. தன் டொமைனின் சொந்தப் பதிவுகள் மாறுகின்றனவா என்று தனியே கண்காணிக்க வேண்டும்.

பெயர் யாருடையது

மோசடி நடக்கவில்லை, ஆனால் ஒருவர் நம் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை பேசுகிறார் என்றால் அது சட்டப் பாதை. .com பெயர்களுக்கு 1999 முதல் ஒரு பொது நடுவர் முறை உண்டு. முறையிடுபவர் மூன்றை நிறுவ வேண்டும்: டொமைன் தன் வியாபாரக் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். உலகப் புலமைச் சொத்து அமைப்பில் ஒரு நடுவருக்கு, ஐந்து டொமைன்கள் வரை, கட்டணம் 1500 டொலர். முடிவுக்குச் சுமார் இரண்டு மாதம். வென்றால் டொமைன் கைக்கு வரும் அல்லது நீக்கப்படும். நட்டஈடு கிடையாது.

முதல் நிபந்தனையில்தான் தோட்டத்துப் பெயர்கள் தடுக்கி விழும். ‘இரத்தினபுரி’ ஓர் ஊரின் பெயர், ‘தேயிலை’ ஒரு பொருளின் பெயர். இரண்டையும் சேர்த்ததால் மட்டும் ஒருவருக்குத் தனியுரிமை வந்துவிடாது. அங்கே தேயிலை விற்கும் எவருக்கும் அதைச் சொல்ல நியாயமான காரணம் உண்டு. எதிர்ப்பக்கத்தில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் நிற்கிறது. தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்று புதிதாகவே ஒரு சொல்லை உண்டாக்கி, 1999இல் அதில் டொமைன்கள் வாங்கியது. பின்னர் பெங்களூரில் இன்னொரு நிறுவனம் f ஒன்றை இரட்டித்து siffynet என்று பெயர் வாங்கியது. கீழ் நீதிமன்றம் ஒரு பக்கம், உயர் நீதிமன்றம் மறுபக்கம் என்று வழக்கு நகர்ந்து, 2004 மே 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் சத்யம் பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயருக்கும் வியாபாரக் குறியைப் போலவே பாதுகாப்பு உண்டு என்று அங்கே நிலைநாட்டப்பட்டது. அகராதியிலும் வரைபடத்திலும் இல்லாத சொல்லாக அது இருந்தது அந்த வெற்றிக்குக் கைகொடுத்தது. பொதித் தேயிலைக்குப் புதுப் பெயர் தேடும் கொம்பனி, ஊர்ப் பெயரை அடைமொழியாக வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு தனிச் சொல்லைப் போட்டு, அதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துவிட்டால், பிற்காலத்தில் முறைப்பாடு எழுதுவது எளிதாகும்.

ஒரு போலி முடக்கப்பட்டதும் கோப்பை மூடிவிடுவதுதான் பல நிறுவனங்கள் செய்யும் தவறு. அதே ஆள் பெரும்பாலும் அதே பதிவாளரிடம், அதே பெயர்வழங்கியோடு, அதே பக்க அமைப்போடு சில நாளில் இன்னொரு பெயரில் திரும்புவார். மாறுவது ஒட்டிய சொல் மட்டும். முதல் போலியின் பதிவாளர், பெயர்வழங்கி, சான்றிதழ் எடுத்த இடம், MX வரி ஆகிய நான்கையும் கோப்பில் எழுதி வைத்திருப்பவர், அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் வரும் புதுப் பெயரை இந்த நான்கோடு ஒப்பிடுவார். மூன்று பொருந்தினால் தளம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்குநர்களுக்கான தொலைபேசி அழைப்புகளை அன்றைக்கே தொடங்கலாம், பழைய முறைப்பாட்டு எண்ணைச் சுட்டிப் பதிவாளருக்கும் எழுதலாம்.